செக்சம்: முழுசாகக் கூட்டுவதா, வித்தியாசத்தை மட்டும் சேர்ப்பதா?

ஐபி 4-ஆம் பதிப்பு ஹெடரில் முகவரிகள், நீளம், புரோட்டோகால் எண் எல்லாம் வழக்கமாக வழியில் மாறுவதில்லை. ஒவ்வொரு ரூட்டரும் கட்டாயம் கை வைப்பது இரண்டில்தான். டிடிஎல் ஒன்று குறையும், அதனால் செக்சமும் மாறும். அந்தப் புதுச் செக்சத்தைப் போட இரண்டு வழி உண்டு. கீழே இருப்பது 20 பைட் ஹெடர், 16 பிட் சொற்களாக:

```
4500 0054 1c46 4000 4001
53ac c0a8 000a 0a00 0005
```

ஐந்தாவது சொல்லான 4001-இல் முன்பாதி 40, அதாவது டிடிஎல் 64. பின்பாதி 01 புரோட்டோகால் எண். ஆறாவதாக வரும் 53ac செக்சம்.

முதல் வழி, முழுக் கணக்கு. 4001-ஐ 3f01 ஆக்கி, செக்சம் இடத்தில் 0000 வைத்து, பத்துச் சொற்களையும் கூட்டினால் 1ab52 வரும். முன்னால் வழிந்த 1-ஐப் பின்னால் சேர்த்தால் ab53. பிட்டுகளைப் புரட்டினால் 54ac.

இரண்டாவது வழியில் ஹெடர் முழுவதையும் பார்க்க வேண்டாம். டிடிஎல் மேல் பைட்டில் இருப்பதால் ஒன்று குறைந்தால் கூட்டுத்தொகை 0100 குறைகிறது. செக்சம் அதன் புரட்டு என்பதால் 0100 கூடுகிறது. 53ac + 0100 = 54ac, அவ்வளவுதான். லினக்ஸின் `ip_decrease_ttl` இதைத்தான் செய்கிறது.

வேகத்துக்காக இரண்டாவது என்பார்கள். பத்துக் கூட்டல் இன்று யாருக்கும் பாரமில்லை. என் ஓட்டும் இரண்டாவதுக்குத்தான், ஆனால் காரணம் வேறு. பாக்கெட் உள்ளே வந்து சோதனையும் முடிந்தபின், ரூட்டரின் நினைவகத்தில் ஒரு பிட் புரண்டு கடைசிச் சொல் 0005 என்பது 0007 ஆகிவிட்டது என்று வையுங்கள். முழுக் கணக்கு போடும் ரூட்டர் அந்தத் தப்பான முகவரிக்கே 54aa என்று சரியான செக்சம் போட்டு அனுப்பிவிடும். அப்புறம் எந்த ரூட்டருக்கும் சந்தேகம் வராது. வித்தியாசம் மட்டும் சேர்த்தால் 54ac-தான் போகும். அடுத்த ரூட்டர் செக்சத்தையும் சேர்த்துப் பத்துச் சொற்களையும் கூட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் வர வேண்டிய ffff வராததால் தூக்கிப் போட்டுவிடும்.

ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு. பழைய செக்சம் feff என்றால் 0100 சேர்த்ததும் ffff வரும். முழுக் கணக்கிலோ 0000. எல்லாவற்றையும் கூட்டிச் சோதிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். தானே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பவரோ நல்ல பாக்கெட்டைத் தள்ளிவிடுவார். 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1141-இன் சூத்திரத்தில் இருந்த இந்தச் சிக்கலை 1994-இல் ஆர்எஃப்சி 1624 திருத்தியது. மற்றபடி, பாக்கெட்டைத் துண்டாக்கும்போது நீளம், ஆஃப்செட் எல்லாமே மாறுவதால் அங்கே முழுக் கணக்கே எளிது.

ரூட்டர் டிடிஎல்லைக் குறைத்துவிட்டுச் செக்சத்தை மறந்தால், அடுத்த இணைப்பில் `tcpdump -v` இப்படிக் காட்டும்:

```
bad cksum 53ac (->54ac)!
```

அனுப்பும் கணினியிலேயே பிடித்த பாக்கெட்டில் `bad cksum 0` வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் செக்சத்தை நெட்வொர்க் கார்டு பிறகுதான் போடும்.