பத்து மீட்டரில் கரைந்துபோகும் ரோடு: மூன்று வருட ஏஎஃப் அனுபவம்

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 ஆட ஆரம்பித்த முதல் ஆறு மாதம் என் மானிட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். லாரி கேபினில் உட்கார்ந்து பார்த்தால், கண்ணாடிக்குக் கீழே தெரிகிற தார் ரோட்டில் ஜல்லிக்கல்லை எண்ணிவிடலாம். பத்து மீட்டர் தள்ளிப் பார்த்தால் கஞ்சி ஊற்றி மெழுகின மாதிரி வழவழவென்று ஒரே சாம்பல். வண்டியை எவ்வளவு நகர்த்தினாலும் அந்த மங்கல் அதே தூரத்தில் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

டெக்ஸ்சர் தரத்தைக் கூட்டிப் பார்த்தேன். காலடி ரோடு இன்னும் அழகானது, தூரத்து ரோடு அப்படியே இருந்தது. அதுதான் முதல் துப்பு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. காலடியும் மங்கலாக இருந்தால் டெக்ஸ்சர் தரத்தில் குறை. காலடி பளிச்சென்று இருந்து, தூரம் போகப் போக மட்டும் ரோடு கரைந்தால் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் போதவில்லை. சுருக்கமாக ஏஎஃப். என்னுடையது கிட்டத்தட்ட அணைந்தே கிடந்தது.

இருட்டில் டார்ச் அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நேர் கீழே அடித்தால் தரையில் வட்டமாக வெளிச்சம் விழும். எட்டிச் சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் நீளமாக இழுபடும். திரையின் ஒவ்வொரு பிக்சலும் ரோட்டு டெக்ஸ்சர் மேல் இப்படித்தான் விழுகிறது. தூரப் பொருள்களுக்காக ஒவ்வொரு டெக்ஸ்சருக்கும் பாதி, கால், அரைக்கால் என்று சிறிதாக்கிய நகல்கள் இருக்கும். இவை மிப்மேப். ட்ரைலீனியர் ஃபில்டரிங் மட்டும் இருந்தால், அந்த நீள வெளிச்சத்தின் நீளத்தைப் பார்த்து அதற்கு ஏற்ற சின்ன நகலை எடுத்துவிடும். நீளவாக்கில் அது சரி. அகலவாக்கில் தேவையில்லாமல் நுணுக்கம் போய்விடும். ஏஎஃப் அகலத்தைப் பார்த்துப் பெரிய நகலை எடுக்கும். நீளத்தை ஈடுகட்ட அந்தக் கோட்டிலேயே பல இடங்களில் தொட்டுப் பார்த்துச் சராசரி எடுக்கும். 16x என்றால் அதிகபட்சம் பதினாறு மடங்கு நீளம் வரை ஈடுகொடுக்கும் என்று அர்த்தம்.

அந்த நீளம் எத்தனை மடங்கு என்பதை மனக்கணக்கிலேயே போடலாம். சமதரையில், பார்க்கிற தூரத்தைக் கண் இருக்கிற உயரத்தால் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். லாரி ஓட்டுநரின் கண் ரோட்டிலிருந்து 2.5 மீட்டர் மேலே என்று வையுங்கள். 10 மீட்டர் தள்ளி இழுவை நாலு மடங்கு, 20 மீட்டரில் எட்டு, 40 மீட்டரில் பதினாறு. ஏஎஃப் இல்லாதபோது பத்து மீட்டரிலேயே ரோடு கஞ்சியானதற்குக் காரணம் இதுதான். கார் கேம் என்றால் நிலைமை இன்னும் மோசம். கண் 1.2 மீட்டரில் இருந்தால் 20 மீட்டரிலேயே பதினாறைத் தாண்டிவிடும். லாரிக்கு 8x-இல் சமாளிக்கிறவர்கூட காருக்கு 16x வைத்தால்தான் திருப்தியாக இருக்கும்.

சரி, இதனால் ஃப்ரேம் எவ்வளவு போகும்? ஊரோர நேர் ரோட்டில் லாரியை நிறுத்தி, விசிங்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். விசிங்க் ஓடும்போது 60-இல் பூட்டிக்கொள்வதால் எந்த வித்தியாசமும் வெளியே தெரியாது. அணைத்த பிறகு ஏஎஃப்பை அடியிலிருந்து உச்சத்துக்கு ஏற்றியதில் என் மேசைக் கணினியில் ஒன்றிரண்டு ஃப்ரேம் குறைந்தது. ஓட்டும்போது அது கண்ணுக்கே தெரியாது. 16x என்பது உச்சவரம்புதான். வானத்துக்கும், நமக்கு நேரே நிற்கிற சுவருக்கும் ஒரு தொடுதலே போதும், அதற்கு மேல் எடுக்காது. எட்டு மடங்குக்கு மேல் கேட்கிற ரோடு, அதே லாரிக் கணக்கில், தொடுவானத்துக்குக் கீழே ஏழு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. திரையின் உயரத்தில் அது ஏழில் ஒரு பங்கு வரும். அந்தப் பட்டையில்தான் கூடுதல் வேலை, நம் கண் ஓட்டும்போது நிலைத்திருப்பதும் அங்கேதான்.

மடிக்கணினியில் கதை வேறு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் சாதாரண ரேமையே பங்குபோட்டுக்கொள்கிற இயந்திரம் அது. டெக்ஸ்சரைப் பல இடங்களில் தொடுவதற்கு நினைவகத்திலிருந்து அடிக்கடி இழுக்க வேண்டும், அங்கேதான் நெரிசல். மழைநாளில், ஊருக்குள் போகும்போது 16x-இல் திக்கியது. 8x-க்கு இறக்கினேன், தீர்ந்தது. 20 மீட்டருக்கு அப்பால் கொஞ்சம் மென்மையாகத் தெரியும், அந்தச் சின்னத் திரையில் அது உறுத்தவில்லை.

இந்த கேமில் ஸ்லைடரிலேயே மாற்றிவிடலாம். கேம் மூடியிருக்கும்போது பார்க்க வேண்டுமென்றால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கிற `config.cfg` கோப்பில் இந்த வரி இருக்கும்:

```
uset r_anisotropy_factor "1"
```

இங்கே 1 என்பது உச்சம். இதை 1x என்று எடுத்துக்கொண்டு 16 என்று மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம் நானே இழுத்துவிட்டுக்கொண்ட வம்பு ஒன்று. ஏஎஃப் கொடுத்த சந்தோஷத்தில் டிரைவர் பக்கம் போய், எல்லா கேமுக்குமாகச் சேர்த்து மிப் நகல்களை மைனஸ் பக்கம் தள்ளிவைத்தேன். எல்ஓடி பயஸ் என்பார்கள். எப்போதும் ஒரு படி பெரிய நகலை எடுக்கச் சொல்வது அது. ஸ்க்ரீன்ஷாட்டில் கத்தி மாதிரி கூர்மை. வண்டியை நகர்த்தினால் ரோடு முழுக்க எறும்பு ஊர்கிறது! ஜல்லி மினுங்குகிறது, மரத்து இலைகள் நடுங்குகின்றன. ஒரு வாரம் ஆன்டி-அலையாசிங்கை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் காரணம் பிடிபட்டது. ஏஎஃப் கூர்மையாக்குவது சரியான எண்ணிக்கையில் தொட்டுப் பார்த்துச் சராசரி எடுத்து. மைனஸ் பயஸ் தொடாமலேயே கூர்மையைக் கடன் வாங்குகிறது, நகரும்போது அந்தக் கடன் மினுமினுப்பாகத் திரும்பி வரும். நின்ற படத்தை வைத்து எந்த அமைப்பையும் தீர்மானிக்காமல் இருக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் `Texture filtering - Quality` என்று இன்னொன்று இருக்கிறது. அதை High performance-இல் வைத்தால் மிப் நகல்கள் மாறுகிற இடத்தில் ரோட்டின் குறுக்கே மெல்லிய பட்டைகள் தெரியலாம். மெதுவாக ஓட்டினால் பட்டை நமக்கு முன்னாலேயே நகரும். Quality-யிலேயே விட்டுவைத்திருக்கிறேன். ஏஎஃப்பையும் டிரைவரில் திணிக்காமல் `Application-controlled` என்றே வைத்து, கேமுக்குள் ஏற்றுகிறேன். அமைப்பே இல்லாத பழைய கேம்களுக்கு மட்டும், அந்த கேமின் பெயரில் தனியாக 16x. டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் டிரைவரில் திணித்தாலும் எடுபடாமல் போகலாம்.

16x வைத்தும் தூரத்து ரோடு மங்கலாகவே இருந்தால் இப்போது நான் முதலில் பார்ப்பது அப்ஸ்கேலிங். உள்ளே பாதி ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும்போது, கேம் அந்தச் சின்ன ரெசல்யூஷனுக்கு ஏற்ற நகலைத்தான் எடுக்கும். பாதி என்றால் சரியாக ஒரு படி, அதாவது -1, கேமே தள்ளிக்கொடுக்க வேண்டும். சில கேம்களில் அதை விட்டுவிடுகிறார்கள். நான் மூன்று வருடமாக ஒதுங்கியிருக்கிற அந்த மைனஸ் பயஸ், நியாயமாக வேண்டியிருக்கிற ஒரே இடம் இதுதான். அந்த ஒரு கேமுக்கு மட்டும், அந்த -1 மட்டும்.