143,000 ரூபா போச்சு: திருகோணமலையில் சேமிப்புக்காக நகை வாங்குபவர்கள் கவனம்

நேற்றுத்தான் காசு கைக்கு வந்தது, கோபம் இன்னும் ஆறவில்லை. 774,000 ரூபாவுக்கு வாங்கிய, பதக்கம் வைத்த மூன்று பவுண் சங்கிலி 631,000 ரூபாவுக்குப் போனது. வாங்கிய அன்றும் விற்ற அன்றும் 22 கரட் பவுண் விலை ஒன்றேதான், 240,000. அதாவது தங்கம் ஒரு சதமும் இறங்காமலே எனக்கு 143,000 ரூபா நட்டம்.

கடை திருகோணமலை நகரத்துக்குள்ளேதான் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. பெரிய கண்ணாடி, ஏசி, வாசலில் சிரித்த முகத்தோடு ஒருவர், அந்த வகைக் கடை. மகளுக்கு என்று சேர்த்த காசு, போடுவதற்கு இல்லை, அவசரத்துக்கு விற்கத்தான் என்று முதலிலேயே சொன்னேன். "அக்கா, யோசிக்காதீங்கோ, தங்கம் காசுதானே" என்றார் விற்றவர். தூய்மையைக் கேட்டதும் சங்கிலியை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் வைத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 91.6. அந்த எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்?

இப்போதுதான் தெரிகிறது, அந்த இயந்திரம் வைத்த இடத்தின் மேற்பரப்பை மட்டும்தான் வாசிக்கும். அவர் வைத்தது ஒரு வளையத்தின் முகப்பை. கொளுக்கியையும் பதக்கம் சேரும் ஒட்டுகளையும் வைக்கவில்லை. ஒட்டுப் பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்திருந்தால் மொத்தக் கரட் அங்கேதான் இறங்கும்.

அண்ணாவின் சத்திரசிகிச்சைக்குக் காசு தேவைப்பட்டது. முதலில் அதே கடைக்குத்தான் போனேன். "மாத்தி வேற நகை எடுங்கோ அக்கா, காசாத் தர இப்ப இயலாது" என்றார்கள். மாற்றினால் திரும்பவும் செய்கூலி. அண்ணாவுக்கு நகையா வேணும்? வேறு கடையில் கொடுத்தேன். அவர்கள் என் கண்முன்னேயே பதக்கத்தின் சிவப்புக் கற்களைக் கழற்றி நிறுத்தார்கள், 1.2 கிராம். மிச்சத்தை உருக்கிப் பார்த்தால் 87.5, அதாவது 21 கரட்.

நட்டம் எங்கே போனது என்று பாருங்கள். செய்கூலி, சேதாரம் என்று மூன்று பவுணுக்கு 54,000 வாங்கினார்கள். அது விற்கும்போது திரும்பி வராது. கல்லையும் சேர்த்து 24 கிராம் என்று நிறுத்து கிராமுக்கு 30,000 போட்டார்கள், ஆக 1.2 கிராம் கண்ணாடிக் கல்லுக்கு நான் தங்க விலையில் 36,000 கொடுத்திருக்கிறேன்! 22 கரட் 21 ஆனதில் இன்னொரு 31,000. கடைசியாக, வாங்கும் கடை 22 கரட் கிராமுக்கு 29,000 என்ற கணக்கில்தான் 21 கரட்டுக்கு விலை போட்டது, அதில் 22,000. கூட்டினால் 143,000.

உருக்கிய துண்டோடு முதல் கடைக்குத் திரும்பப் போனேன். "உருக்கின பிறகு இது எங்கட சங்கிலி எண்டு எப்படி நம்புறது?" கல் எடையைக் கேட்டால், "பதக்கத்தோட எண்டு பில்லில இருக்குத்தானே". முதலாளியைக் கேட்டால், கொழும்புக்குப் போயிட்டாராம். தொலைபேசியில் எடுத்தால் "பிறகு எடுங்கோ". பிறகு எடுத்தால் பதிலே இல்லை.

சென்னையில் இருக்கும் சித்தி மகள் தன் சேமிப்பைத் தங்க ஈடிஎஃப்பில், அதாவது பங்குச் சந்தையில் யூனிட்டாக வாங்கி விற்கும் தங்க நிதியில், போடுகிறாள். அங்கே அந்த நிதி 99.5 சதவீதத் தூய்மையுள்ள தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்திருக்க வேண்டும், யூனிட்டை வைத்திருப்பவரிடம் செய்கூலியும் கல் எடையும் என்று எதுவும் வராது. ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான நிர்வாகச் செலவு, வாங்கி விற்கும்போது தரகுக் கட்டணம், இலாபத்துக்கு வரி, அவ்வளவுதான் அவளுக்கு. தங்கம் விழுந்தால் அவளுக்கும் விழும், அது வேறு. கழுத்தில் போடவும் முடியாது, அவசரத்துக்கு ஓடிப்போய் அடகு வைக்கவும் முடியாது. ஆனால் விலை மாறாத ஒரு நாளில் போட்ட காசில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் காணாமல் போகாது. எனக்குப் போனது கிட்டத்தட்ட அவ்வளவு. அந்த இந்திய நிதியை இங்கிருந்து என்னைப் போன்றவர்கள் சும்மா போய் வாங்கிவிட முடியாது, அதனால்தான் இந்தக் கடைகளின் கையில் மாட்டுகிறோம்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் இல்லை. சேமிப்புக்கு என்றால் கல், எனாமல், பதக்கம் வேண்டவே வேண்டாம், 24 கரட் நாணயமோ பிஸ்கட்டோ கேளுங்கள், அதற்கும் திரும்ப வாங்கும் விலையை வாங்க முன்னமே கேளுங்கள். நகைதான் என்றால் தங்கத்தின் நிறையையும் கல்லின் நிறையையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழும்பி வாருங்கள். இயந்திரத்தில் கொளுக்கியையும் ஒட்டையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் உருக்க முன்னம், விற்ற கடையிலேயே நிறுத்துக் கையெழுத்து வாங்குங்கள். உருக்கிய பிறகு 143,000 அல்ல, ஒரு ரூபாவும் கேட்க விடமாட்டார்கள்.