ணிவா யாரு? - பேரு ஸ்டாம்ப் செய்ய ரெண்டு வழி, ஒரு அலசல்

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல வீட்டு பின்னாடி மண்ணு சுட சின்னதா ஒரு கில்ன் வச்சு கப்பும் அகல் விளக்கும் பண்ணிட்டு இருக்கேன், அடியில 'வாணி'ன்னு பேரு அடிக்க ஒரு களிமண் ஸ்டாம்ப் வேணும்னு ஆரம்பிச்சதுல மூணு மாசம் போச்சு.

கடையில விக்கிற மெட்டல் எழுத்து இங்கிலீஷ்தான், அத விடுங்க. ரப்பர் ஸ்டாம்ப் பேப்பருக்கு செஞ்சது, களிமண்ணுல ஆழமே விழாது. 3D பிரிண்ட் ஒண்ணு தம்பி பையன் போட்டு குடுத்தான், ரெண்டு தடவைதான் அடிச்சேன், மண்ணு கொஞ்சம் ஒட்டுச்சு, அதுக்கு மேல அத பத்தி சொல்ற அளவுக்கு அனுபவம் இல்ல. நிஜமான போட்டி களிமண்ணுலயே செய்ற ரெண்டு வழிக்கு நடுவுலதான்.

முதல் வழி நேரா செதுக்குறது. எழுத்து மேல தூக்கிட்டு நிக்கணும், கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பியும் இருக்கணும், சுத்தி இருக்கிற மண்ண எல்லாம் வெட்டி எடுக்கணும். திருப்புறது ஒண்ணும் கஷ்டம் இல்ல, மெல்லிசு பேப்பர்ல பென்சிலால அழுத்தி எழுதி குப்புற வச்சு தேச்சா திரும்பிடும். நான்தான் பேப்பர் எதுக்குன்னு கையாலயே வாவையும் ணியையும் தனித்தனியா திருப்புனேன், வரிசைய திருப்ப மறந்துட்டேன். சுட்டு எடுத்து கப்புல அடிச்சு பாத்தா ஆயா கேக்குறாங்க, "யாரும்மா இது, ணிவா?"

ரெண்டாவதா சரியாவே செதுக்குனேன், ஆனா அப்பதான் உண்மையான பிரச்சனை தெரிஞ்சுது, ஆழம். எழுத்து தூக்கி நிக்கணும்னா அதுக்குள்ள இருக்கிற சுழி இடத்தயும் 2 மில்லி ஆழத்துக்கு தோண்டணும். 10 மில்லி உயர எழுத்துல 'ண'வோட சுழிக்குள்ள ஊசி முனைதான் போகும், அதுக்கு மேல தோண்டுனா பக்கத்து கோடு உடஞ்சு வந்துடும். அதனால அங்க மட்டும் அரை மில்லியோட விட்டேன். கப்புல அடிச்சப்ப கோடுங்க அரை மில்லி இறங்குனதுமே அந்த மேலாப்புல இருந்த சுழியோட தரையும் போய் மண்ண அமுக்கிடுச்சு, மொத்தமும் ஒரே குழியாச்சு. கிளேஸ்ங்கிற கண்ணாடி பூச்ச ஓடுற மாதிரி போட்டு சுட்டதும் குழி ரொம்பி 'வாணி' போய் 'வா' கூட ஒரு பொட்டுதான் மிச்சம்.

நான் இப்ப வச்சிருக்கிறது ரெண்டாவது வழி, தாய் அச்சு. ஒரு விரல் கனத்துக்கு களிமண் பலகை ஒண்ணு தட்டி, பாதி காஞ்சு தோல் மாதிரி கெட்டியாகிற தோல் பதம் வந்ததும் (இங்க டர்பன் வெயில் காலத்துல காத்துல ஈரம் அதிகம், அதுக்கே ரெண்டு நாள் ஆகும்) பேர அதுல சாதாரணமா, நேரா, பள்ளமா எழுதிடுறது. திருப்பவே வேணாம். சுழியும் பிரச்சனை இல்ல, ஏன்னா இப்ப நாம சுழிக்குள்ள தோண்டல, கோட்ட மட்டும்தான் தோண்டுறோம், கோடு எங்க போகுதோ அங்க எல்லாம் ஊசி ஒரே ஆழத்துல போகும். பள்ளம் மேல அகலமாவும் கீழ ஒடுங்கியும் இருக்கட்டும், அடிய ரொம்ப கூரா விட வேணாம், இங்க் தீந்த பால்பாயிண்ட் பேனா முனையால ஒரு ஓட்டு ஓட்டுனா உருண்டையாயிடும். ஓரத்துல எழும்புற பிசிர அப்பவே தொடாதீங்க, நல்லா காஞ்சதும் பிரஷால தட்டுனா தானா உதிரும்.

இத 1000 டிகிரி வரைக்கும் பிஸ்க் மட்டும், அதாவது கிளேஸ் போடாத முதல் சூடு மட்டும் சுடணும். அதுக்கு மேல போனா மண்ணு இறுகிடும், தண்ணி இழுக்காது, அமுக்குனது ஒட்டிக்கும். சுட்ட தாய் அச்சுல மென்மையான களிமண் உருண்டைய அமுக்கி ரெண்டு மூணு நிமிஷம் விட்டா ஈரத்த அதுவே இழுத்துக்கும், நேரா தூக்குனா கழண்டு வந்துடும், எழுத்து திரும்பி, தூக்கி நிக்குற ஸ்டாம்ப் ரெடி. நாலஞ்சு எடுத்ததும் தாய் அச்சு ஈரமாகி ஒட்ட ஆரம்பிக்கும், ஒரு நாள் காய வைங்க. இந்த ஸ்டாம்பயும் அதே மாதிரி பிஸ்க் சுட்டு வச்சுக்கணும்.

இதுல நஷ்டம் ஒண்ணுதான், ஒரு தடவை கூடுதலா சுருங்குது. என் மண்ணு காஞ்சு பிஸ்க் ஆகுறப்ப 6 சதவீதம் சுருங்குது, கப்பு முழுசா சுட்டு முடியறப்ப 12. நேரா செதுக்குன 10 மில்லி எழுத்து கப்புல கடைசியா 8.3 ஆகும், தாய் அச்சுல எழுதுனது 7.8. ஆழமும் அதே கணக்குதான், 2 மில்லி பள்ளம் 1.55 ஆகுது, அதுவும் முழுசா அமுக்குனாதான். அதனால எழுத்த 11 மில்லியா எழுதிக்கோங்க, பள்ளத்த 2.5 வரைக்கும் இறக்கிக்கோங்க.

உங்க பேரு இங்கிலீஷ்ல T, H மாதிரி நேர் கோடா இருந்தா முதல் வழியே போதும், தோண்ட எடம் இருக்கு, ஒரு சூடு மிச்சம். கிளேஸ் படாத அடிப்பக்கம் மட்டும் அடிக்கிறவங்களுக்கும் 1 மில்லி ஆழமே பளிச்சுனு தெரியும். நான் கப்போட பக்கவாட்டுலயும் அடிக்கிறேன், கிளேஸ் அது மேலதான் ஓடுது. போன வாரம் ஸ்டாம்ப் கீழ விழுந்து ணியோட கொண்டை உடஞ்சுது, செதுக்குனதா இருந்தா ஒரு ராத்திரி வேலை, இப்ப தாய் அச்சுல இன்னொரு உருண்டைய அமுக்கி காய வச்சிருக்கேன், அடுத்த சூட்டுல போயிடும்.