போட்டோவில் வந்த கேள்வி, வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பு: எஸ்ஓபி எழுதிய நாலு வருஷம்

பகலில் எனக்குக் கணக்கு வேலை. 2021இல் பெரியம்மாவின் மகனுக்கு ஒரு எஸ்ஓபி, அதாவது இந்தப் படிப்புக்கு ஏன் விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லும் கடிதம், எழுத உதவினேன், அது வெள்ளவத்தை முழுக்கப் பரவி, இப்போது விண்ணப்ப காலம் வந்தால் வாரத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். வருவது எப்போதும் ஒரே மாதிரித்தான். புலமைப்பரிசில் கேள்வியை யாரோ எடுத்த போட்டோ, அதற்குக் கீழே தங்களைப் பற்றி டைப் பண்ணிய பத்துப் பன்னிரண்டு வரி, கடைசியில் "அண்ணா, நாளைக்குள்ள ஏலுமோ?" நான் கொடுப்பது முதல் வரைவு மட்டும்தான், அதைத் தங்கள் ஆங்கிலத்தில் திருப்பி எழுதுவது அவர்கள் வேலை. இப்படி வேலை செய்வதில் எது சரிவருகிறது, எங்கே கவிழ்கிறது என்று இவ்வளவு நாளில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் போட்டோ. மங்கலான போட்டோ பெரிய பிரச்சினை இல்லை, மங்கல் என்றால் பார்த்தவுடனே தெரியும், இன்னொன்று கேட்கலாம். ஆபத்து, தெளிவாக இருந்து ஓரம் வெட்டுப்பட்ட போட்டோதான். இரண்டாவது வருஷம் ஒரு தம்பி லாப்டொப் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். வலப்பக்க ஓரத்தில் ஒரு வரி "3,000" என்று முடிந்திருந்தது, அடுத்த சொல் படத்தில் இல்லை. சொற்கள் என்று எடுத்துக்கொண்டு, அவ்வளவு எதற்கு என்று ஆயிரத்துச் சொச்சத்தில் நிறுத்தி எழுதிக் கொடுத்தேன். அவர் இணையப் படிவத்தில் ஒட்டினால் பாதியிலேயே பெட்டி நிரம்பிவிட்டது. 3,000 எழுத்துகள், அதுவும் இடைவெளியையும் சேர்த்து. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இடைவெளியோடு ஆறு, ஆறரை எழுத்து போகும், ஆகவே 3,000 எழுத்து என்பது 470, 480 சொல்தான். எஸ்ஓபிக்கு யாரும் 3,000 சொல் கேட்கமாட்டார்கள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முடிவுநேரம் ஐரோப்பிய நேரப்படி நள்ளிரவு, குளிர்காலம் என்பதால் நமக்கு விடிய நாலரை. இரண்டு பேரும் விழித்திருந்து பாதியைக் கிழித்துப் போட்டோம்.

அதற்குப் பிறகு போட்டோ வந்தால் கேள்வியை வாசிக்கும் முன் நாலு ஓரத்தையும் பார்க்கிறேன். இலக்கம் 2இல் தொடங்கினால் 1 எங்கே? நட்சத்திரக் குறி இருந்தால் அதன் அடிக்குறிப்பு எங்கே? கடைசி வரி முற்றுப்புள்ளியில் முடிகிறதா, கமாவில் முடிகிறதா? போனிலேயே படத்திலிருந்து எழுத்தை எடுக்கிற வசதி இருக்கிறது, நானும் பாவிக்கிறேன், ஆனால் அது இலக்கத்தில் சறுக்கும், 8 என்பது 3 ஆகிவிடும். சொல்லிலோ எழுத்திலோ இல்லாமல், இத்தனை பக்கம் என்று எல்லை சொல்கிறவர்களும் உண்டு. வேறு நிபந்தனைகளும் இருக்கும். ஜெர்மனியின் புலமைப்பரிசில் அமைப்பான டிஏஏடி வளர்ச்சித்துறை முதுநிலைப் படிப்புகளுக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கும், கடிதத்தில் இப்போது செய்யும் வேலையையும் தொட்டு எழுதச் சொல்லும். இந்த மாதிரி வரி எல்லாம் பக்கத்தின் அடியில்தான் கிடக்கும், போட்டோ எடுக்கிறவர் மேலே இருக்கிற பெரிய எழுத்தைத்தான் எடுப்பார். அதனால் போட்டோவோடு லிங்கும் கேட்பேன்.

அடுத்தது குறிப்புகள். போன வருஷத்து உதாரணம் ஒன்று. இரசாயனவியல் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் மூன்று வருஷம் வேலை, இப்போது வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கிற ஒரு தங்கச்சி. நிலத்தடி நீர் முகாமைத்துவம் படிக்க விண்ணப்பம். கேள்வியைப் பிரித்தால் நாலு துண்டு: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை செய்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு, உங்கள் நாட்டில் ஒரு குறிப்பான பிரச்சினை, திரும்பி வந்து என்ன செய்வீர்கள். அவர் அனுப்பியது பதினொரு குறிப்பு. ஒவ்வொன்றையும் எந்தத் துண்டுக்குக் கீழே வரும் என்று பிரித்துப் போட்டேன். ஒன்பது குறிப்பு "இதுவரை செய்த வேலை"க்குள் போய் விழுந்தது. ஏன் என்பதற்கு ஒன்று, பிரச்சினைக்கு ஒன்று. திரும்பி வருவதற்கு ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில்தான் கை அரிக்கும். வெற்றிடத்தை "சிறுவயதிலிருந்தே" என்று நிரப்பிவிடலாம், வசனம் வழுக்கிக்கொண்டு வரும். முதல் வருஷம் ஒருவருக்குக் குழுவில் இருந்தார் என்பதைக் குழுவை வழிநடத்தினார் என்று எழுதிவிட்டேன், அவரும் கவனிக்கவில்லை. நேர்முகத்தில் "உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?" என்று கேட்டிருக்கிறார்கள். மனுசன் திணறிப்போனார். கிடைக்கவில்லை, அது மட்டும்தான் காரணமா தெரியாது, ஆனால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. இப்போது குறிப்பில் இல்லாததை வரைவில் எழுதுவதில்லை. அந்த இடத்தில் சதுர அடைப்பு போட்டு உள்ளே கேள்வியைத்தான் எழுதுவேன்.

அந்தத் தங்கச்சியை நேரிலேயே சந்தித்தேன், காலி வீதியில் ஒரு கடையில் பிளேன்டீயோடு. "தண்ணீர் மாதிரிகள் பரிசோதித்தேன்" என்று ஒரு குறிப்பு இருந்தது. ஒரு நாள் வேலையைச் சொல்லுங்கோ என்றேன். தோட்டக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவருவார்களாம், நைத்திரேற்று கூடுதலாக இருக்குமாம், அறிக்கையைக் கையில் கொடுத்தால், "அப்ப குடிக்கலாமோ பிள்ளை?" என்று கேட்பார்களாம். ஒரு ஐயா, கொதிக்க வைத்துக் குடிக்கிறேன் என்றாராம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். அவருக்கு அதைச் சொல்லிவிட்டேன், ஆனால் வேறு என்ன செய்யலாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை என்றார் தங்கச்சி. பதினொரு குறிப்பில் எதிலும் இது இல்லை! ஏன் இந்தப் படிப்பு என்பதற்கான பதிலே இதுதான், வரைவு அந்த ஐயாவிலிருந்துதான் தொடங்கியது. திரும்பி வந்து என்ன செய்வேன் என்பதும் அதிலிருந்தே வந்தது: எந்தக் கிணற்றை விடலாம், உரத்தை எப்போது குறைக்கலாம் என்று தோட்டக்காரருக்குச் சொல்லக்கூடிய வேலை.

இலக்கத்தையும் விடக் கூடாது. நைத்திரேற்று அளவு "ஒரு கிணற்றில் 14" என்று குறிப்பில் இருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், பிறகு 14இல் என்ன பிரச்சினை? கேட்டால், அவர்கள் ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதுவார்களாம். நைத்திரேற்றாக மாற்ற 4.4ஆல் பெருக்க வேண்டும், அப்படியென்றால் 62. நான் பேசாமல் 14ஐயும் 50ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால், தேர்வுக் குழுவில் இருக்கிற நீர்த்துறைக்காரர் முதல் பந்தியிலேயே நிறுத்தியிருப்பார்.

போட்டோவும் குறிப்பும் மட்டும் வந்து, அரை மணிநேரம் பேச ஆள் கிடைக்காவிட்டால் இப்போது நான் எடுப்பதில்லை. பிரிட்டனின் செவனிங் புலமைப்பரிசில் மாதிரித் தலைமைத்துவம், எதிர்காலத் திட்டம் என்று தனித்தனியாகக் கேட்பவற்றுக்கு இந்தப் பிரித்துப் போடும் வேலை பாதி குறைவு, கேள்வியே பிரித்துத்தான் வருகிறது. ஆனால் ஒரே கதையை இரண்டு பதிலில் சொல்லிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு போட்டோ வந்து விழுந்தது. நல்ல தெளிவு. 2இல் தொடங்குகிறது. 1 எங்கே தம்பி என்று கேட்டிருக்கிறேன், நீலச் சரி விழுந்துவிட்டது, பதிலைத்தான் காணவில்லை.