கணக்கை மூடுமுன் பழைய லைக்குகளை நீக்குதல்: கையால் நீக்குவதா, நீட்சியிடம் விடுவதா?

ஆரணிப் பட்டுச் சேலை வியாபாரத்துக்காக 2014-இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம் கணக்கைச் சென்ற மாதம் மூடினேன். அதில் நான் இட்ட ஏறக்குறைய 3,200 லைக்குகளும், நான் பின்தொடர்ந்த 640 கணக்குகளும் இருந்தன. எதையும் தொடாமல் நேராகக் கணக்கை அழிப்பது, உலாவியில் சேர்க்கும் நீட்சி ஒன்றைக் கொண்டு அனைத்தையும் நீக்குவது, இன்ஸ்டாகிராமின் செயல்பாட்டுப் பக்கத்திலேயே கையால் தேர்ந்தெடுத்து நீக்குவது என மூன்று வழிகள் எனக்கு முன் இருந்தன. நான் மூன்றாவதைத் தேர்ந்தேன்.

திரும்பி வரமாட்டோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு முதல் வழியே போதும். அழிக்கக் கோரியவுடன் கணக்கு மறைந்துவிடும்; 30 நாட்களுக்குப் பின் அது நிரந்தரமாக அழியும்போது லைக்குகளும் உடன் போய்விடும். ஆனால் அந்த 30 நாட்களுக்குள் உள்நுழைந்து கோரிக்கையைக் கைவிட்டால் அனைத்தும் இருந்தபடியே திரும்பிவிடும். எங்கள் கடைக் கணக்கு மூன்று கைப்பேசிகளில் திறந்திருந்ததால், மூடியபின் எவரேனும் திறந்தாலும் பழைய லைக்குகள் மீளக்கூடாது என்பதே என் எண்ணமாக இருந்தது.

நீட்சியைப் பரிந்துரைத்தவன் காட்பாடியிலிருக்கும் என் அண்ணன் மகன். "சித்தப்பா, ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்க, காலையில முடிஞ்சிருக்கும்" என்றான். அவனுடைய பழைய கணக்கு ஒன்றில் முதலில் ஓடவிட்டுப் பார்த்தோம். காலையில் நீட்சியின் எண்ணிக்கை 1,400 என்று காட்டியது. பக்கத்தைப் புதுப்பித்தபோது அவற்றில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. அடுத்தடுத்து மிக விரைவாக நிகழும் செயல்களைத் தளம் கட்டுப்படுத்தும். அப்போது பொத்தான் அழுத்தப்படும், ஆனால் வேலை நடந்திருக்காது. நீட்சியோ அழுத்தியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. அதோடு, உள்நுழைந்த உலாவியில் அதற்கு அனுமதி தருவதால், செய்திகள் உட்படத் திரையில் காண்பதையெல்லாம் அது படிக்கக்கூடும் என்பதும் எனக்கு ஒப்பவில்லை.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது இதுதான்: நீக்கியது உண்மையில் நீங்கியதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். கையால் செய்யும் வழியில் மட்டும் அது இயல்பாக நடக்கிறது. முதலில் கணக்கின் தரவு நகலைப் பதிவிறக்கினேன். நீக்கியபின் எடுத்தால் நீக்கியவை அதில் இருக்காது. பிறகு கைப்பேசியில் `Your activity` பக்கத்துக்குச் சென்று, `Likes` பகுதியில் `Sort & filter` வழியாக மூன்று மாத இடைவெளி ஒன்றைக் குறித்து, `Select` அழுத்தி, முப்பது நாற்பது பதிவுகளைத் தேர்ந்து `Unlike` கொடுப்பேன். ஒரு தொகுதி முடிந்ததும் செயலியை மூடித் திறந்து, அதே தேதி இடைவெளியை மீண்டும் பார்ப்பேன். பட்டியல் வெறுமையாக இருந்தால்தான் அடுத்த காலத்துக்குப் போவேன். ஒரு நாளைக்கு 250 அளவில் நிறுத்திக்கொண்டதால் 13 நாட்கள் ஆயின. சத்துவாச்சாரியில் கடையைத் திறந்துவிட்டு முதல் வாடிக்கையாளர் வரும்வரை உள்ள அரை மணி நேரம் இதற்கே போயிற்று.

வரிசையும் முக்கியம். பின்தொடர்வதை முதலில் விட்டால், தனிப்பட்டவையாக வைக்கப்பட்ட கணக்குகளின் பதிவுகள் நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அவற்றுக்கு இட்ட லைக்குகளை எடுக்க வழி இருக்காது. நெசவாளர்கள் சிலர் தம் வடிவங்களைப் பிறர் பார்த்துச் செய்துவிடாதபடி அவ்வாறுதான் வைத்திருந்தனர். எனவே அவர்கள் பதிவுகளில் இட்ட லைக்குகளை முடித்தபின்பே அவர்களைப் பின்தொடர்வதை நிறுத்தினேன். லைக்குகளைப் போலப் பின்தொடர்தல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டியிருந்தது. நாளுக்கு ஐம்பது என்று செய்தேன். 640 என்பதால் அது தாங்கியது; ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவருக்கு இந்த வேகம் பொருந்துமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லமாட்டேன்.

கடைசியாக இன்னொரு முறை நகலைப் பதிவிறக்கி, `liked_posts` கோப்பை முதல் நகலோடு ஒப்பிட்டேன். புதிய நகலில் எஞ்சியிருந்த 19 இணைப்புகளைத் திறந்தபோது, அந்தப் பதிவுகள் இப்போது காணக்கிடைக்கவில்லை; பதிவே தெரியாதபோது அதன் லைக்கைக் கையால் எடுக்க இயலாது என்று அவற்றை விட்டுவிட்டேன். கடையிலிருந்த மூன்று கைப்பேசிகளிலும் கணக்கிலிருந்து வெளியேறி, கடவுச்சொல்லை மாற்றியபின்பே அழிப்புக் கோரிக்கையைக் கொடுத்தேன்.