காலாண்டு மீளாய்வு விளக்கக்காட்சி: ஐந்து ஸ்லைடு வடிவத்தை நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளுக்கு இன்வாய்ஸ் சரிபார்க்கும் மென்பொருளை வழங்கும் அணியில், ஏற்கெனவே நம்மிடம் உள்ள வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் முன் அமர்ந்து, கடந்த காலாண்டில் அவர்களுக்குக் கிடைத்த பயன் என்ன, அடுத்த காலாண்டில் முதலில் செய்ய வேண்டியவை எவை என்று எடுத்துரைக்கும் காலாண்டு மீளாய்வுக் கூட்டத்தை நான்கு ஆண்டுகளாக ஒரே ஐந்து ஸ்லைடு வடிவத்தில் நடத்தி வருகிறேன். அந்த வடிவம் எங்கே கைகொடுத்தது, எங்கே போதாமல் போனது என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு வாடிக்கையாளரின் கதையைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

ஸ்லைடுகளின் வரிசை இதுதான்: முதலாவதில் சென்ற கூட்டத்தில் ஒப்புக்கொண்டவற்றின் இன்றைய நிலை, இரண்டாவதில் வழங்கிய பயன், மூன்றாவதில் தவறிப்போனவை, நான்காவதில் அடுத்த காலாண்டின் முன்னுரிமைகள், ஐந்தாவதில் அந்த அறையிலேயே எடுக்கப்பட வேண்டிய முடிவுகள். எத்தனை பேர் உள்நுழைந்தார்கள், எத்தனை உதவிக் கோரிக்கைகள் வந்தன என்பன போன்ற பயன்பாட்டு எண்கள் அனைத்தும் பின்னிணைப்புக்குப் போய்விடும். ஒரு மணி நேரக் கூட்டத்தில் பாதி நேரத்தை நான்காவது ஸ்லைடுக்கே ஒதுக்குகிறேன். இந்த வரிசை முதல் நாளிலிருந்தே மாறவில்லை. மாறியது இரண்டாவது ஸ்லைடை நிரப்பும் முறை. அதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு தோல்வி.

சரக்கு விநியோகத் தொழிலில் உள்ள அந்த வாடிக்கையாளருக்கு ஒரு காலாண்டில் ஏறத்தாழ 18,000 இன்வாய்ஸ்கள் வருகின்றன. எங்கள் மென்பொருள் ஒவ்வோர் இன்வாய்ஸையும் கொள்முதல் ஆணையோடும், கிடங்கில் செய்யப்படும் சரக்கு வரவுப் பதிவோடும் ஒப்பிடும். மூன்றும் பொருந்தினால் மனிதர் கை படாமலே அது ஒப்புதலுக்குப் போய்விடும். மென்பொருள் வருவதற்கு முன் ஓர் இன்வாய்ஸுக்குச் சராசரியாக 11 நிமிடங்கள் செலவாயின என்று தொடக்கத்தில் அளந்திருந்தோம். முதல் ஆண்டின் மூன்றாவது கூட்டத்தில், எங்கள் அமைப்பின் பதிவுகளின்படி அது 4 நிமிடங்களாகக் குறைந்துவிட்டது என்று காட்டி, ஏழு நிமிடங்களை 18,000 ஆல் பெருக்கி, 2,100 மணி நேரம் மிச்சமாகியுள்ளது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

வாடிக்கையாளரின் நிதித் தலைவர் அந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் பிரிவில் அப்போதும் ஒன்பது பேர், இப்போதும் ஒன்பது பேர். மாதம் 160 மணி நேரம் என்று வைத்தால் ஒரு காலாண்டுக்கு அவர்களின் மொத்த வேலை நேரமே 4,320 மணிதான். அதில் ஏறக்குறைய பாதியை மிச்சப்படுத்தினோம் என்கிறீர்கள். அந்த நேரம் எங்கே போயிற்று என்று காட்டுங்கள்." என்னிடம் பதில் இல்லை. எஞ்சிய ஸ்லைடுகளை யாரும் கவனிக்கவில்லை என்பதை அவர்களின் முகங்களிலேயே காண முடிந்தது. அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. தம் உதவியாளரை அனுப்பினார். முடிவெடுக்கும் ஒருவர் காரணம் சொல்லாமல் தமக்குக் கீழுள்ளவரை அனுப்பத் தொடங்குவதைவிடத் தெளிவான அபாய அறிகுறியை இந்த நான்கு ஆண்டுகளில் நான் கண்டதில்லை. புகார்கூட அதைவிட மேலானது.

கணக்கு எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க, அவர்களின் ஊழியர்கள் இருவரைத் தங்கள் நேரத்தை இரண்டு வாரங்கள் கையால் குறித்துவைக்கும்படி கேட்டுக்கொண்டோம். விடை எளிதாக இருந்தது. எங்கள் அமைப்பின் பதிவு, ஓர் இன்வாய்ஸ் எங்கள் திரையில் திறந்திருந்த நேரத்தை மட்டுமே அளந்தது. பொருந்தாத இன்வாய்ஸ் ஒன்றுக்காக ஊழியர் வழங்குநரைத் தொலைபேசியில் அழைப்பதும், கிடங்குக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதும், பழைய கோப்பைத் தேடுவதும் எங்கள் கணக்கில் வரவேயில்லை. உண்மையில் 55 சதவீத இன்வாய்ஸ்கள், அதாவது 9,900, கை படாமல் கடந்தன. எஞ்சிய 8,100 ஒவ்வொன்றுக்கும் 16 நிமிடங்கள் ஆயின. எளிதானவற்றை மென்பொருள் எடுத்துக்கொண்டதால் மனிதரிடம் சிக்கலானவை மட்டுமே தங்கின. ஆகவே அவற்றின் சராசரி பழைய 11 நிமிடங்களைத் தாண்டியது இயல்புதான். முன்பு 3,300 மணி நேரம், இப்போது 2,160 மணி நேரம்; மிச்சமானது 1,140 மணி நேரம். நாங்கள் சொன்னதில் பாதியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான்.

ஆனால் திருத்திய அந்த எண்ணையும் நான் முதன்மையாக வைக்கவில்லை. மிச்சமான நேரம் யாருடைய வரவு செலவுக் கணக்கிலும் தனி வரியாகத் தோன்றுவதில்லை. அது வேறு வேலைகளுக்குள் கலந்துவிடுகிறது. அவர்களிடம் அது, தேங்கிக் கிடந்த வழங்குநர் கணக்குகளைச் சரிபார்ப்பதில் கரைந்திருந்தது. எனவே அந்த நிதித் தலைவர் ஏற்கெனவே தம் மேலதிகாரிகளுக்கு மாதந்தோறும் காட்டிக்கொண்டிருக்கும் எண்களில் எதை எங்கள் வேலை அசைத்தது என்று தேடினேன். அவர்களின் வழங்குநர்களில் பலர், 10 நாட்களுக்குள் பணம் செலுத்தினால் 2 சதவீதத் தள்ளுபடி, இல்லையேல் 30 நாட்களில் முழுத்தொகை என்ற நிபந்தனையில் விற்பவர்கள். 20 நாட்கள் முன்னதாகச் செலுத்தி 2 சதவீதம் பெறுவது ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 37 சதவீத வருவாய்க்குச் சமம் என்பதால், நிதித் துறையில் இருப்பவர்கள் இந்தத் தள்ளுபடியை எளிதில் விட்டுவிட மாட்டார்கள். தகுதியுள்ள இன்வாய்ஸ்களில் 22 சதவீதத்துக்கு மட்டுமே முன்பு அவர்கள் அந்தத் தள்ளுபடியைப் பெற்றிருந்தார்கள். இப்போது அது 61 சதவீதம்.

இங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது. அதே காலாண்டில் அவர்கள் தங்கள் ஒப்புதல் விதியை மாற்றி, சிறு தொகைகளுக்கு இரண்டு கையொப்பங்கள் தேவை என்பதை ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். முழு முன்னேற்றத்தையும் எங்கள் பெயரில் எழுதிக்கொண்டால், அந்த விதியை மாற்றியவரே அறையில் அமர்ந்திருப்பார். ஆகவே சராசரி நாட்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினோம். இன்வாய்ஸ் வந்து பொருத்தப்படும் வரையிலான காலம் 7 நாட்களிலிருந்து 2 நாட்களாகக் குறைந்தது எங்கள் பங்கு. ஒப்புதலுக்கான காத்திருப்பு 6 நாட்களிலிருந்து 3 நாட்களாகக் குறைந்தது அவர்கள் பங்கு. மொத்தம் 13 நாட்கள் 5 ஆயின. அவர்கள் பங்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதால் எங்கள் பங்கின் மீதான நம்பிக்கை குறையவில்லை. மாறாக, அந்த ஸ்லைடை நிதித் தலைவர் தம் இயக்குநர் குழுவுக்கான அறிக்கையில் அப்படியே எடுத்துக்கொண்டார்.

இந்த அனுபவத்துக்குப் பின் ஒரு வழக்கத்தை எல்லா வாடிக்கையாளர்களிடமும் கட்டாயமாக்கிக்கொண்டேன். இரண்டாவது ஸ்லைடில் வரப்போகும் எண்ணையும், அதன் தொடக்க அளவையும், அவை பெறப்பட்ட வழியையும், கூட்டத்துக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே வாடிக்கையாளர் தரப்பில் அன்றாடம் எங்களோடு பணிபுரிபவருக்கு அனுப்பி, அவர் ஒப்புக்கொண்ட பின்னரே கூட்டத்தில் வைக்கிறேன். ஸ்லைடின் அடியில், அந்த எண் எந்த அமைப்பிலிருந்து, எந்தத் தேதிகளுக்கு இடையே எடுக்கப்பட்டது, அதைச் சரிபார்த்தவர் யார் என்று ஒரு வரி இருக்கும். ஐந்து நாட்கள் என்பது எங்களுக்குச் சிரமமானது. காலாண்டு முடிந்ததும் தரவு கையில் கிடைக்கவே ஒரு வாரம் ஆகும் என்பதால் கூட்டம் மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அந்தத் தாமதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நான்காவது ஸ்லைடிலும் தொடக்கத்தில் நான் பிழை செய்தேன். அடுத்த காலாண்டில் எங்கள் மென்பொருளில் வரவிருக்கும் புதிய வசதிகளின் பட்டியலை முன்னுரிமைகள் என்ற தலைப்பில் போட்டுவந்தேன். அவை எங்கள் முன்னுரிமைகள், வாடிக்கையாளருடையவை அல்ல. பொருந்தாமல் நின்ற 8,100 இன்வாய்ஸ்களின் காரணங்களை வகைப்படுத்திப் பார்த்தபோது, சுமார் 4,000 இன்வாய்ஸ்கள் நின்றதற்குக் காரணம் சரக்கு வந்துசேர்ந்தும் கிடங்கில் வரவு பதியப்படாததே என்று தெரிந்தது. எந்தப் புதிய வசதியும் இதைத் தீர்க்காது. எனவே அடுத்த காலாண்டின் முதல் முன்னுரிமை, சரக்கு வந்த அன்றே வரவு பதிய வேண்டும் என்பதாக அமைந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள். மூன்று மாதங்கள் கழித்து முதல் ஸ்லைடில் அதற்கு நேராக "நகரவில்லை" என்று எழுத வேண்டியதாயிற்று. ஏனெனில் அதைச் செய்ய வேண்டிய கிடங்குத் தலைவர் அந்தக் கூட்டத்திலேயே இருக்கவில்லை, தம் பெயரில் ஒரு பணி எழுதப்பட்டதையே அவர் அறிந்திருக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு முன்னுரிமைக்கும் இரு தரப்பிலும் ஒவ்வொரு பெயர், ஒரு தேதி, நிறைவேறியதை எதைக் கொண்டு அறிவது என்ற ஓர் அளவு ஆகியவற்றை எழுதுகிறேன். பெயர் எழுதப்படுபவர் கூட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். மூன்றுக்கு மேல் முன்னுரிமைகளை எடுப்பதில்லை. அடுத்த முறை கிடங்குத் தலைவரை அழைத்தோம். மாலையில் வந்து சேரும் வண்டிகளின் வரவை மறுநாள் காலையில் பதிவதே அங்கு வழக்கம் என்றும், மாலைப் பணிமுறையில் இருப்பவர்களுக்குப் பதியும் உரிமையே வழங்கப்படவில்லை என்றும் அவர் பத்து நிமிடங்களில் விளக்கினார். அந்த உரிமையை வழங்குவது என்று ஐந்தாவது ஸ்லைடில் அன்றே முடிவானது.

இந்த வடிவத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். சிறிய வாடிக்கையாளர்களுக்கு மூன்று மாதங்களில் பேசத்தக்க மாற்றம் நிகழ்வதில்லை. அவர்களுடன் இப்போது ஆறு மாதங்களுக்கு ஒருமுறைதான் அமர்கிறேன். தொழிலில் பருவ ஏற்றத்தாழ்வு உள்ளவர்களிடம் சென்ற காலாண்டோடு ஒப்பிடுவது தவறான படத்தைத் தரும் என்பதால், சென்ற ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட வேண்டியுள்ளது. முதல் ஆண்டில் அதற்கான தரவு இருக்காது. ஒப்பந்தப் புதுப்பிப்பையும் கட்டணத்தையும் இந்தக் கூட்டத்தில் நான் எடுப்பதே இல்லை. ஒருமுறை எடுத்தபோது, அதுவரை காட்டிய எண்கள் அனைத்தும் அதற்கான முன்னுரையாகவே பார்க்கப்பட்டன.

அந்தச் சரக்கு நிறுவனத்தில் மாலை வரவுகள் அன்றே பதியத் தொடங்கிய பின் கை படாமல் கடக்கும் இன்வாய்ஸ்கள் 55 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாயின. கைவேலை தேவைப்படுபவை 8,100 இலிருந்து 5,760 ஆகக் குறைந்தன. குறைந்த 2,340 ஐப் பழைய 16 நிமிடங்களால் பெருக்கினால் 624 மணி நேரம் வரும். அந்த எண்ணைப் போடும் முன் அவர்களின் ஊழியர்களிடம் மீண்டும் இரண்டு வாரங்கள் குறிக்கச் சொன்னோம். எஞ்சியவற்றுக்கு இப்போது 18 நிமிடங்கள் ஆகின்றன என்று தெரிந்தது. ஆகவே ஸ்லைடில் 432 மணி நேரம் என்று எழுதினேன். அந்தக் கூட்டத்துக்கு நிதித் தலைவர் தாமே வந்திருந்தார்.