ஒரே குவாரிக்கு இரண்டு வருவாய் விகிதங்கள்: எதை நம்புவது?

மேலூர் வட்டாரத்தில் ஒரு சிறிய கல்குவாரியில் இருவர் பங்கு சேர்ந்து முதல் போடப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்களை நான் விளக்கத்துக்காக அமைத்திருக்கிறேன். இயந்திரங்களுக்கும் பாதைக்குமாகத் தொடக்கத்தில் 100 லட்சம் செலவு. அடுத்த ஐந்து ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் செலவு போக 60 லட்சம் கையில் நிற்கும். ஆறாம் ஆண்டில் குவாரியை மூட வேண்டும். குழியின் விளிம்பைப் படிப்படியாக வெட்டிச் சரிவாக்குவது, வேலி போடுவது, கண்மாய்க்குப் போகும் வரத்து வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடக்கும் கழிவுக் கற்களை அள்ளி அப்புறப்படுத்துவது என எல்லாம் சேர்த்து 220 லட்சம்.

பணம் முதலில் வெளியே போகிறது, பிறகு உள்ளே வருகிறது, கடைசியில் மறுபடியும் வெளியே போகிறது. குறி இரண்டு முறை மாறுகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பங்குதாரர்களில் ஒருவர் எக்செலில் B1 முதல் B7 வரை இந்த எண்களை, வெளியே போவதைக் கழித்தல் குறியோடு, இட்டு, உள்ளக வருவாய் விகிதத்தைக் கேட்கிறார். மற்றவரும் அதே எண்களைத்தான் இடுகிறார். ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்ற ஊகத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

```
=IRR(B1:B7)
=IRR(B1:B7,0.3)
```

முதலாமவருக்குக் கிடைப்பது 7.4 சதவீதம். இரண்டாமவருக்கு 30.8 சதவீதம். ஊகம் எதுவும் தராவிட்டால் எக்செல் 10 சதவீதத்தில் தேடத் தொடங்கி, அங்கிருந்து வழி போகும் திசையில் முதலில் தட்டுப்படும் விடையோடு நின்றுவிடுகிறது. இன்னொரு விடை இருக்கிறது என்று அது எச்சரிப்பதில்லை. இவர்களுடைய முதலுக்கான செலவு, அதாவது போடும் முதல் குறைந்தது ஈட்ட வேண்டிய விகிதம், 12 சதவீதம் என்றால், ஒருவர் கணக்குப்படி திட்டத்தைக் கைவிட வேண்டும், மற்றவர் கணக்குப்படி உடனே தொடங்க வேண்டும். கணக்கில் இருவருமே பிழை செய்யவில்லை. வரும் பணத்தையும் போகும் பணத்தையும் ஒரு தள்ளுபடி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் கிடைப்பது நிகர இன்றைய மதிப்பு. அதைப் பூஜ்யமாக்கும் விகிதம் என்பதுதான் உள்ளக வருவாய் விகிதத்தின் இலக்கணம். இரண்டு விகிதங்களும் இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகின்றன. குறி எத்தனை முறை மாறுகிறதோ அத்தனை விடைகள் வரை வரலாம் என்பது டேகார்ட்டின் விதி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லோரியும் லியனர்ட் சாவேஜும் 1955-லேயே எண்ணெய்க் கிணற்றுப் பம்பு ஒன்றை எடுத்துக்காட்டி இந்தச் சங்கடத்தைச் சுட்டிவிட்டார்கள்.

இரண்டில் எது சரி என்று கேட்பதைவிட, ஒவ்வொரு தள்ளுபடி விகிதத்திலும் நிகர இன்றைய மதிப்பு என்ன ஆகிறது என்று பார்ப்பது பயன் தரும். பூஜ்யம் சதவீதத்தில் அது 20 லட்சம் நட்டம்; வருவதைவிடப் போவது அத்தனை அதிகம். 5 சதவீதத்தில் நட்டம் சுமார் 4.4 லட்சமாகக் குறைகிறது. 12 சதவீதத்தில் 4.8 லட்சம் லாபம், 20 சதவீதத்தில் 5.8 லட்சம் லாபம். பிறகு இறங்கி, 35 சதவீதத்தில் மீண்டும் 3.1 லட்சம் நட்டம்.

வட்டி ஏற ஏற ஒரு முதலீட்டின் மதிப்பு குறைய வேண்டும். இங்கே 7.4-ஐச் சுற்றி மதிப்பு ஏறுகிறது. அப்படி ஏறுவது கடன் வாங்கியவரின் கணக்கில்தான். காரணம், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்குள் இவர்கள் போட்ட பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு கையில் இருப்பது, ஆறாம் ஆண்டில் மூடுவதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். திட்டத்தின் முதல் பாதி முதலீடு, பின்பாதி கடன். இரண்டையும் ஒரே சதவீதத்தில் அடைத்தால், அந்தச் சதவீதம் வருவாயையும் குறிக்காது, கடன் செலவையும் குறிக்காது. அதனால் 30.8-ஐப் பார்த்து மகிழ்வதும் 7.4-ஐப் பார்த்து மனம் தளர்வதும் ஒரே அளவுக்கு ஆதாரமற்றவை. மூடும் செலவு 260 லட்சமாகிவிட்டால் எந்த விகிதத்திலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. எக்செல் `#NUM!` என்று கைவிரித்துவிடும். அப்போதும் நிகர இன்றைய மதிப்பு தெளிவாகச் சொல்கிறது: எல்லா விகிதத்திலும் நட்டம்.

குறி மாறும் இடத்தில் நான் நிகர இன்றைய மதிப்பின் பக்கம்தான் நிற்பேன். விகிதத்தை நாம் கொடுக்கிறோம், அது ஒரே விடையைத் தருகிறது. (எக்செலின் NPV முதல் எண்ணையும் ஓராண்டு தள்ளிக் கழித்துவிடும். ஆகவே தொடக்க முதலீட்டை வெளியே வைத்து `=B1+NPV(12%,B2:B7)` என்று எழுத வேண்டும். இந்தப் பிழை வங்கிக்குப் போகும் திட்ட அறிக்கைகளுக்குள்ளும் எளிதில் நுழைந்துவிடும்.) சதவீதம் வேண்டும் என்று வங்கி அடம்பிடித்தால், திருத்தப்பட்ட வருவாய் விகிதம் இருக்கிறது. `=MIRR(B1:B7,12%,12%)` 12.4 சதவீதம் என்ற ஒரே விடையைத் தருகிறது; நிகர இன்றைய மதிப்பின் முடிவோடும் ஒத்துப்போகிறது.

ஆனாலும் அந்த 4.8 லட்சம் லாபத்தை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. 220 லட்சத்தையும் 12 சதவீதத்தில் தள்ளுபடி செய்ததால், அதன் இன்றைய பாரம் வெறும் 111 லட்சமாகச் சுருங்கியது. மூடுவதற்காக ஒதுக்கும் பணமும் குவாரித் தொழிலைப் போலவே 12 சதவீதம் ஈட்டிக்கொண்டிருக்கும் என்று கணக்கு சத்தமின்றி எடுத்துக்கொண்டது. கல் விலை ஏறலாம் இறங்கலாம்; குழியை மூடும் கடமை ஏறாது இறங்காது. அதற்கான பணத்தைப் பத்திரமான வைப்புநிதியில்தான் வைக்க முடியும். அது 7 சதவீதம் தருகிறது என்று கொள்வோம், வரியைத் தள்ளி வைப்போம்.

ஐந்து ஆண்டுகளும் ஆண்டு முடிவில் சமமாகப் போட்டு ஆறாம் ஆண்டு முடிவில் 220 லட்சம் சேர வேண்டுமானால், ஒவ்வோர் ஆண்டும் 35.75 லட்சம் ஒதுக்க வேண்டும். 60 லட்சத்தில் மிஞ்சுவது 24.25 லட்சம். இப்போது பணவரத்தின் குறி ஒரே ஒருமுறைதான் மாறுகிறது. ஆறாம் ஆண்டின் வெளிச்செலவு வைப்புநிதியிலிருந்து போய்விடுகிறது. உள்ளக வருவாய் விகிதமும் ஒரே எண்ணாகிறது: சுமார் 6.8 சதவீதம். 12 சதவீதத்தில் நிகர இன்றைய மதிப்பு 12.6 லட்சம் நட்டம். சண்டையிட்டுக்கொண்டிருந்த இரு முறைகளும் ஒரே குரலில் வேண்டாம் என்கின்றன.

இரண்டு முறை குறி மாறுவதைப் பார்த்ததும் நான் முதலில் செய்யும் காரியம் இந்த ஒதுக்கீட்டுக் கணக்குதான். அது பல விடைகளின் குழப்பத்தை நீக்குவதோடு, கடைசிச் செலவு எந்த அளவில் இருந்தால் தொழில் தாங்கும் என்பதையும் காட்டிவிடும். இந்தக் குவாரியில் 12 சதவீதம் கிடைக்க ஆண்டுக்கு 27.74 லட்சம் மிஞ்ச வேண்டும். அப்படியானால் ஆண்டுக்கு 32.26 லட்சத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. அந்த ஒதுக்கீடு சேர்ந்து தருவது சுமார் 198 லட்சம். பங்குதாரர்கள் அடுத்துப் பேச வேண்டியது கழிவுக் கல் அள்ளும் ஒப்பந்ததாரரிடம். கற்களை ஆறு ஆண்டுகள் குவித்து வைக்காமல், வெட்ட வெட்ட உடைத்து ஜல்லியாக விற்று, மூடும் செலவில் 22 லட்சத்தைக் குறைக்க முடியுமா என்பதே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.